நெற்றி 27, பொட்டு 41, தாடை 48: இந்த முகத்துக்கு எந்த கட்டிங்?

கேள்வி: வயது 27. இரண்டு வருஷமாக சைடில் ஜீரோ ஃபேடு, மேலே நீளமாக விட்டு மேல்நோக்கி வாரிக்கொள்கிறேன். தாடை பெரிதாகவும் நெற்றி ஏறினது போலவும் தெரிகிறது என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். நண்பன் எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போட்டு ஸ்கேல் வைத்து அளந்தேன். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை 27 மி.மீ., புருவத்திலிருந்து மூக்கடி 21, மூக்கடியிலிருந்து மோவாய் 22. இரண்டு பொட்டுக்கும் நடுவே 41, கன்ன எலும்பில் 50, தாடையில் 48. வட்டம், சதுரம், ஓவல் என்று எதிலும் என் முகம் சேரவில்லை. முடி அடர்த்தி, லேசான சுருட்டை. எந்த கட்டிங் சரியாக வரும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, முகத்தை அளந்து அனுப்பியது பெரிய உதவி. வட்டம், சதுரம் என்ற பெயர்களை விட்டுவிடுங்கள். சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் படங்களில் அச்சாக அப்படியே பொருந்துகிற முகத்தை இத்தனை வருஷத்தில் நான் கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பொட்டைவிடத் தாடை அகலமா குறுகலா, முகத்தின் மூன்று பங்கில் நெற்றி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது. சைடில் எவ்வளவு விடுவது, முன்னால் எவ்வளவு விடுவது என்பதை இந்த இரண்டுமே சொல்லிவிடும்.

கணக்குப் போடுவதற்கு முன்னால் அந்த போட்டோவை ஒரு தடவை சரிபாருங்கள். கையை நீட்டி எடுத்த செல்ஃபி என்றால் அந்த அளவு செல்லாது. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வரும்போது மூக்கும் நடு முகமும் பெரிதாகி, காதும் தாடை ஓரமும் பின்னால் ஒதுங்கிவிடும், முகமே ஒடுங்கினது போல வரும். நண்பர் இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, கேமராவை உங்கள் கண் மட்டத்தில் பிடித்து எடுத்திருக்க வேண்டும். முடியை முழுக்கப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும், பல்லைக் கடித்திருக்கக் கூடாது. கடித்தால் தாடை மூலையில் தசை புடைத்து இரண்டு பக்கமும் அகலம் ஏறிவிடும். தாடை அகலம் என்று எடுக்க வேண்டியது காதுக்குக் கீழே எலும்பு திரும்புகிற மூலையிலிருந்து அடுத்த மூலை வரை. விரலால் தடவினால் அந்த மூலை தெரியும், கன்னத்துச் சதையை அதில் சேர்க்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முகத்தின் மொத்த நீளம் போட்டோவில் 70. மூன்று பங்கும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் 23 சொச்சம் வரும், நெற்றி 27 இருப்பதால் கிட்டத்தட்ட 4 மி.மீ. கூடுதல். வளர்ந்த ஆணின் கன்ன எலும்பு அகலம் 14 செ.மீ. சுமார் இருக்கும், போட்டோவில் அது 50 மி.மீ. என்றால் படத்தில் இருப்பதுபோல 2.8 மடங்கு நிஜத்தில். அப்படியானால் நெற்றியில் கூடுதலாக இருப்பது நிஜத்தில் ஒரே ஒரு செ.மீ. அடுத்து பொட்டு 41, தாடை 48. அந்த 7 மி.மீ. வித்தியாசம் நிஜத்தில் 2 செ.மீ., பக்கத்துக்கு ஒரு செ.மீ. மேலே குறுகி, கீழே விரிகிற முகம் உங்களுடையது.

இப்போது ஜீரோ ஃபேடு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பொட்டு ஓரத்தில் முடியும் இல்லையென்றால் குறுகலான இடம் இன்னும் குறுகலாகத் தெரியும், கீழே தாடை அப்படியே நிற்கும். அதற்கு மேல் முன்முடியையும் தூக்கி வாருகிறீர்கள், நெற்றி முழுக்கத் திறந்து, முகத்தின் நீளம் முடியின் உச்சி வரை ஏறிவிடுகிறது. இதே கட்டிங் முகம் உருண்டையாகவும் நெற்றி குட்டையாகவும் இருக்கிற ஒருவருக்குப் பிரமாதமாக வரும், அவருக்கு வேண்டியது நீளமும் ஒடுக்கமும்தான். உங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆக, பொட்டில் பக்கத்துக்கு ஒரு செ.மீ. கனம் வேண்டும். தலை பின்னால் போகப் போக அகலமாவது கொஞ்சம் உதவும், மீதியை முடிதான் கொடுக்க வேண்டும். மெஷினில் நம்பர் 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10 மி.மீ. சுமார், 4 என்றால் 13. இவை முடியின் நீளம். முடி படிந்து கிடக்கும், நேராகக் குத்திட்டு நிற்காது, அதனால் ஒரு செ.மீ. கனம் வேண்டுமென்றால் பொட்டுப் பக்கம் இரண்டரை செ.மீ. நீளமாவது விட வேண்டும். அதை மெஷினில் எடுக்க வேண்டாம், சீப்பில் தூக்கிக் கத்தரியால்தான் எடுக்க வேண்டும். காதைச் சுற்றியும் கிருதாவின் அடியிலும் பிடரியிலும் மட்டும் மெஷின் ஓடலாம், காதுக்கு மேல் ஒரு விரல் அகலம் வரை, அங்கே நம்பர் 2 அல்லது 3. தலையின் பக்கவாட்டுச் சுவர் வளைந்து மேல்பரப்பாக மாறுகிற அந்த மூலையில் மெஷினே படக்கூடாது. ஃபேடு பழகின கை அந்த மூலையைத் தானாகவே சுத்தம் செய்யப் போகும், அதனால் வாய் திறந்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, மெஷின் காதுக்கு மேல ஒரு விரல்தான், அதுக்கு மேல கத்தரி. பொட்டுல கனம் இருக்கணும்.” நடிகர் படத்தைக் காட்டுவதைவிட இது பலன் தரும், படத்தில் இருப்பவரின் தாடை உங்கள் தாடை இல்லையே.

முன்னால் மறைக்க வேண்டியது ஒரு செ.மீ.தான் என்று பார்த்தோம். அடர்த்தியான முடி, இரண்டு செ.மீ. வரை மறைத்தாலும் பாரமாக இருக்காது. ஆனால் நெற்றி முழுவதையும் மூடிவிடாதீர்கள். நேர்கோடாக வெட்டிப் புருவத்தில் நிறுத்தினால் அந்தக் கோடு தாடைக் கோட்டுக்கு ஜோடியாகி முகத்தைப் பெட்டி போலக் காட்டும். முன்முடி ஆறு, ஏழு செ.மீ. இருக்கட்டும். நுனியைக் கத்தரியை நிறுத்திப் பிடித்துக் கொத்திக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் நுனி ஒரே கோட்டில் நிற்காமல் கலைந்து விழும். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது உங்கள் சுழி. தலையை நனைத்து, எல்லாவற்றையும் முன்னால் வாரி, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் பாருங்கள், முடி தானாகப் பிரிந்து போகிற பக்கம்தான் உங்கள் பக்கம். எதிர்ப்பக்கம் வாரினால் பகலுக்குள் கிளம்பி நிற்கும். உச்சியில் நான்கைந்து செ.மீ. போதும், உயரம் சேர்க்கவே வேண்டாம்.

லேசான சுருட்டை என்று எழுதியிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்முடியின் கடைசி வெட்டு, முடி காய்ந்த பிறகுதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் வந்த ஒரு பையனுக்கு ஈரத்தில் புருவத்துக்கு மேல் அளவு பார்த்து வெட்டினேன். காய்ந்ததும் சுருண்டு ஏறி நெற்றியின் பாதியில் போய் நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து சுருட்டை முடியில் ஈரத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, காயவைத்துத்தான் முடிக்கிறேன்.

சரி, இப்போது சைடில் உங்களுக்கு முடியே இல்லை. முடி மாதத்துக்கு ஒன்று, ஒன்றேகால் செ.மீ. வளரும், இரண்டரை செ.மீ. ஆக இரண்டு மாதம், இரண்டரை மாதம் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை போய் மறுபடி ஜீரோ போட்டுக்கொள்கிறார்கள். முதல் தடவை போகும்போது சைடைத் தொடவே வேண்டாம், பிடரியையும் காதோரத்தையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு, மேல் முடியின் நீளத்தைக் குறைத்துவிடுங்கள். சைடுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் வளர்வது அசிங்கமாகத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சைடு முடி பிரஷ் மாதிரி பக்கவாட்டில் குத்திட்டு நிற்கும். நம்மில் பலருக்கும் முடி தடிமன், அப்படித்தான் நிற்கும். ஒடுங்கின தாடை உள்ளவருக்கு அது தொந்தரவு, உங்களுக்கு அந்த அகலம்தான் வேண்டியது. காதுக்கு நேர் மேலே திண்ணை போல நீட்டிக்கொண்டால் அந்த இடத்தை மட்டும் குறைக்கலாம்.

கிருதா காதின் நடுவோடு முடியட்டும். அதற்குக் கீழே இறக்கி நேராக வெட்டினால் கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தாடைக்குப் போய்விடும். தாடி வைப்பவராக இருந்தால் தாடை மூலையில் நம்பர் 1, மோவாயில் நம்பர் 3. எல்லா இடத்திலும் ஒரே அளவாக அடர்ந்த தாடி விட்டால் பொட்டில் சேர்த்த ஒரு செ.மீ. கனத்தைத் தாடையில் மறுபடி தூக்கிக் கொடுத்த கணக்கு.

கட்டிங் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கழுத்துத் துணியோடு நேராக உட்கார்ந்து, கண்ணை லேசாகச் சுருக்கி, முகத்தின் வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். பொட்டிலிருந்து தாடை வரை கோடு ஏறக்குறைய செங்குத்தாக இறங்கினால் வேலை சரி. கீழே வர வர விரிந்தால் சைடில் கூடுதலாக எடுத்துவிட்டார், அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த முறை இரண்டு வாரம் தள்ளிப் போங்கள். கன்ன எலும்பை விடவும் பொட்டு வெளியே தள்ளித் தெரிந்தால் கனம் கூடிப்போச்சு, அதை அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்.

நெற்றி ஏறினது போல என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிறவியிலேயே உயரமான நெற்றியா, முடி பின்வாங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். புருவத்தை நன்றாக உயர்த்தினால் நெற்றியில் சுருக்கம் விழும். மேல் சுருக்கத்துக்குக் கொஞ்சம் மேலேயே முடி தொடங்கினால் அது உங்கள் இயல்பான கோடுதான். சுருக்கம் முடிந்த பிறகும் வழுவழுப்பான தோல் நிறைய இருந்து, இரண்டு ஓரமும் உள்ளே குடைந்திருந்தால், ஐந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் தோல் டாக்டரிடம் போக வேண்டும், தாமதிக்காமல். அப்படி ஓரம் குடைந்திருந்தால் முன்முடியை நெற்றி நடுவில் குவிக்காமல் குடைந்த ஓரத்தின் மேல் விழும்படி சாய்த்துக்கொள்ளுங்கள், நீளம் அதே ஆறு, ஏழு செ.மீ.தான்.