மூன்று கடனில் எது உண்மையில் மலிவு?

கேள்வி: புதுக்குடியிருப்பில் வயல் செய்கிறேன். லான்ட்மாஸ்டர் வாங்க 5 இலட்சம் கடன் தேவை, 3 வருடத்தில் கட்டி முடிக்கலாம். ஒரு வங்கி 15% என்கிறது, 2,500 ரூபா பத்திரச் செலவு. இன்னொரு வங்கி 13.5%, ஆனால் 10,000 செயலாக்கக் கட்டணமும் 12,500 காப்புறுதியும் கழித்துத்தான் தருவார்களாம். லீசிங் கம்பனி ஒன்று 9% பிளாட், கட்டணமே இல்லை என்கிறது. எதை எடுப்பது?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15% சொன்ன வங்கிதான் மலிவு. 13.5% சொன்ன வங்கிதான் மூன்றிலும் விலை கூடியது. எப்படி என்று காட்டுகிறேன். நாளைக்கு நாலாவது இடம் ஒன்று வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் சொல்லும் வட்டி வீதத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விடயம் மட்டும் கேளுங்கள்: எல்லாம் கழித்த பிறகு என் கையில் எவ்வளவு வரும்? மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்த இரண்டும் எத்தனை மாதம் என்பதும் தெரிந்தால் உண்மையான வட்டி வெளியே வந்துவிடும்.

முதல் வங்கியில் கைக்கு வருவது 497,500. மாதத் தவணை 17,333. இரண்டாவது வங்கியில் கைக்கு வருவது 477,500 தான், தவணை 16,968. கம்பனியில் முழு 500,000 வரும், தவணை 17,639.

முதலில் இரண்டு வங்கிகளையும் பாருங்கள். இரண்டாவதில் மாதம் 365 ரூபா குறைவு. 36 மாதத்துக்கு 13,140 ரூபா மிச்சம். அந்த மிச்சத்துக்காக முதல் நாளே 20,000 ரூபா கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இதற்குக் கணினி கூடத் தேவையில்லை. அத்தோடு, பேப்பரில் 5 இலட்சத்துக்கு வட்டி ஓடும், ஆனால் நீங்கள் பாவித்தது 477,500 தான். கழித்துக்கொண்ட 22,500 ரூபாவுக்கும் மூன்று வருடம் வட்டி கட்டுகிறீர்கள்.

இதையே ஒரு வீதமாகப் பார்க்க, போனில் உள்ள கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ போதும். முதல் வங்கிக்கு இப்படி அடியுங்கள்:

```
=RATE(36,-17333,497500)*12
```

36 என்பது மாதங்கள். தவணை உங்கள் கையிலிருந்து போகும் காசு என்பதால் அதற்கு முன்னால் கழித்தல் அடையாளம் வரும். அடைப்புக்குள் கடைசியில் இருப்பது கைக்கு வரும் காசு. வெளியே 12 ஆல் பெருக்குவது மாத வட்டியை வருட வட்டியாக்கத்தான். கைக்கு வரும் காசின் இடத்தில் 500,000 என்று போட்டால் கணக்கு பிழைத்துவிடும், கட்டணம் அதில் சேராது. சில போனில் விடை 15% என்று முழு எண்ணாக மட்டும் தெரியும். தசமம் இரண்டு தெரியும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முதல் வங்கி 15.4%. இரண்டாவது வங்கி 16.8%. கம்பனியின் 9%, உண்மையில் 16.2%.

9 எப்படி 16 ஆனது என்று கேட்பீர்கள். பிளாட் என்றால் வட்டியைத் தொடக்கத் தொகைக்கே மூன்று வருடமும் போடுவார்கள். 5 இலட்சத்துக்கு வருடம் 45,000, மூன்று வருடத்துக்கு 135,000. அதைக் கடனோடு கூட்டி 36 ஆல் வகுத்ததுதான் உங்கள் தவணை. ஆனால் 18 ஆவது மாதம் வரும்போது கடனில் பாதிக்குக் கிட்டக் கட்டி முடித்திருப்பீர்கள். அப்போதும் வட்டி முழு 5 இலட்சத்துக்கே போகிறது. வங்கிகள் சொல்வது குறைந்து போகும் மீதிக்கான வட்டி. இரண்டு வீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. இதை யாரும் கவுண்டரில் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சரி, இரண்டாவது வங்கியை அப்படியே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அங்கே போய் அந்த 12,500 ரூபா காப்புறுதி கட்டாயமா என்று கேளுங்கள். அதை எடுத்துவிட்டால் கைக்கு 490,000 வரும். அப்போது உண்மை வட்டி 14.9% ஆகிறது, மூன்றிலும் அதுதான் மலிவு! ஆனால் அந்தக் காப்புறுதி வெறும் செலவு இல்லை. கடனாளி இடையில் இறந்தால் மீதியைக் கட்டுவதற்காக அது போடப்படுவது. வீட்டில் உங்கள் உழைப்பை நம்பி ஆட்கள் இருந்தால் அது வேண்டியதாகவும் இருக்கலாம். அப்படியென்றால் முதல் வங்கியிலும் அதே காப்புறுதிக்கு விலை கேட்டு, இரண்டையும் ஒரே மாதிரி வைத்து ஒப்பிடுங்கள்.

எந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு எனக்கு ஒரு விதி உண்டு. கடன் எடுக்காவிட்டால் அந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் கழியுங்கள். காணியைப் பிணை வைக்கச் சொன்னால் நொத்தாரிசுக் கூலி, மதிப்பீட்டுக் கூலி எல்லாம் கைக்கு வரும் காசிலிருந்து கழிய வேண்டும், நீங்கள் அதைத் தனியாக வெளியே கட்டினாலும். மெஷினைப் பதிய ஆகும் செலவு எந்தக் கடனிலும் ஒன்றுதான், அதை விடுங்கள்.

13.5% மூன்று வருடமும் மாறாத வட்டியா என்பதையும் கேளுங்கள். கடிதத்தில் AWPLR என்ற எழுத்துகள் இருந்தால் அது சந்தை வட்டியோடு ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க்காரர் பலரும் செய்வது ஒன்று: காலபோக நெல் நல்ல விலைக்குப் போனால் கடனை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். அப்படி நினைத்தால் கணக்கு மாறும். முன்னால் கொடுத்த கட்டணம் திரும்பி வராது, அதைக் குறைந்த மாதங்களில் சுமக்க வேண்டி வரும். 12 ஆவது மாதத்தில் மீதியைக் கட்டி முடித்தால், முன்முடிப்புக் கட்டணம் இல்லை என்று வைத்தாலும், காப்புறுதியோடு கூடிய இரண்டாவது வங்கியின் 16.8% 19.2% ஆகிவிடும். முதல் வங்கியில் கட்டணம் சிறியது, 15.6% ஓடு நின்றுவிடும்.

கம்பனியில் இன்னும் கவனம் தேவை. 12 தவணை கட்டிய பிறகு முடிப்பதென்றால் எவ்வளவு கேட்பீர்கள் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். நியாயமாகப் பார்த்தால் 359,400 ரூபாவுக்குக் கிட்ட வர வேண்டும். மீதி 24 தவணையின் கூட்டுத்தொகை 423,336. அந்தத் தொகையைச் சொன்னால், பாவிக்காத காலத்துக்கும் சேர்த்து வட்டி கேட்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.