ஜப்பானில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கிறேன். ஷிப்ட் செயலி முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கிறது. எனக்கு வேண்டிய நாளைக் கொடுப்பதற்கும் ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கும் எதைப் பார்த்து எதை அழுத்துவது?

நான் ஃபுகுவோகாவில் ஒரு இஸகாயாவில் மாலை ஷிப்ட் பார்க்கிறேன். முதல் இரண்டு மாதம் நானும் இந்தத் திரையைத் தப்பும் தவறுமாகத்தான் படித்தேன். கடைக்குக் கடை செயலி வேறு, பொத்தான்களின் பெயரும் கொஞ்சம் மாறும். ஆனால் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் சொல் யார் சொன்ன சொல் என்று பார்க்கப் பழகிவிட்டால், எந்தச் செயலியானாலும் சமாளிக்கலாம். சில சொற்கள் நாம் கேட்டது, சில உடன் வேலை செய்பவர் ஒப்புக்கொண்டது, சில கடை முடிவு செய்தது.

முதலில் 希望 (கிபோ). பாடப் புத்தகத்தில் 'ஆசை, விருப்பம்' என்று படித்திருப்பீர்கள். シフト希望 என்றால் 'இந்த நாட்களில் வேலைக்கு வர விரும்புகிறேன்'. அதே சொல்லுக்குப் பின்னால் 休 சேர்ந்து 希望休 (கிபோக்யூ) ஆனால் 'இந்த நாளில் எனக்கு விடுப்பு வேண்டும்'. ஒரே ஒரு கன்ஜியில் பொருள் தலைகீழ். 休 என்பது மனிதன் மரத்தில் சாய்ந்து நிற்கிற மாதிரி எழுத்து. அது கண்ணில் பட்டால் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் மாதம் வேலைக்கு வரக்கூடிய நாட்களையெல்லாம் 希望休 பக்கத்தில் குறித்துவிட்டு, ஏன் ஷிப்டே தரமாட்டேன் என்கிறார்கள் என்று மனம் நொந்துபோனேன்.

இன்னொன்று, குறித்து முடித்ததும் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கலாம். 一時保存 என்பது தற்காலிகமாகச் சேமிப்பது மட்டும்தான், கடைக்கு எதுவும் போகாது. 提出 (தெய்ஷுட்சு) அழுத்தினால்தான் போகும். போய்விட்டதா என்று அறிய 済, 未 என்ற இரண்டு எழுத்து போதும். 提出済み என்றால் கொடுத்தாகிவிட்டது, 未提出 என்றால் இன்னும் இல்லை. பக்கத்தில் 締切 என்று ஒரு தேதி இருக்கும், அதுதான் கடைசி நாள். எங்கள் கடையில் மாதத்தை 前半, 後半 என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனிக் கடைசி நாள் வைத்திருக்கிறார்கள்.

நேரக் கட்டத்தில் 25:00 என்று பார்த்தால் செயலி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 22:00〜25:00 என்றிருந்தால் வேலை முடிவது சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்கு. சில செயலிகளில் இதையே 翌1:00 என்று போடுவார்கள், 翌 என்றால் மறுநாள். கடைசி ரயில் எப்போது என்று பார்த்துவிட்டு இந்த நேரத்துக்குச் சரி சொல்லுங்கள். முடிவு நேரத்துக்குப் பதில் ラスト என்றிருந்தால் கடை மூடும் வரை இருக்க வேண்டும்.

சரி, மாற்றிக்கொள்ளும் திரைக்கு வருவோம். எனக்கு அடி விழுந்தது இங்கேதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 17:00〜22:00 எனக்கு ஷிப்ட், மறுநாள் காலை தேர்வு. கூட வேலை செய்யும் நேபாள அக்காவுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அதே நேரம் ஷிப்ட் இருந்தது. இரண்டையும் மாற்றிக்கொள்வதாகப் பேசிவிட்டோம். எங்களுக்குள் ஜப்பானிய மொழிதான் பொது மொழி, அதனால் நான் அனுப்பியது இவ்வளவுதான்:

```
金曜日のシフト、代わってもらえませんか
```

代わってもらう என்றால் 'எனக்குப் பதிலாக நீங்கள்'. வெறும் 代わる அல்லது 代わります என்றால் 'உங்களுக்குப் பதிலாக நான்'. திரையிலும் இந்தத் திசைதான் முக்கியம். 交代を依頼する என்பது நம் ஷிப்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது, 引き受ける என்பது அடுத்தவர் ஷிப்டை நாம் ஏற்றுக்கொள்வது. 募集 என்றால் கடையே ஆள் தேடுகிறது, 応募 அழுத்தினால் 'நான் வருகிறேன்' என்று கை தூக்குகிறீர்கள். ஆள் குறைகிற நாளில் இது அடிக்கடி வரும். படிக்காமல் அழுத்திவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள்.

நான் 依頼 அனுப்பினேன், பத்து நிமிடத்தில் அக்கா ஏற்றுக்கொண்டார், பச்சைக் குறி வந்தது. வேலை முடிந்தது என்று புத்தகத்தைத் திறந்தேன். வெள்ளி மாலை 17:20க்குக் கடையிலிருந்து அழைப்பு: எங்கே இருக்கிறீர்கள்? பச்சைக் குறிக்குக் கீழே சின்ன எழுத்தில் 承認待ち (ஷோனின்மாச்சி) என்று இருந்திருக்கிறது. அதாவது ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அக்கா ஒப்புக்கொண்டார், 店長 (கடை மேலாளர்) இன்னும் பார்க்கவே இல்லை. அட்டவணையில் என் பெயர் அப்படியேதான் இருந்தது. அக்காவும் அதைப் பார்த்து மாற்றம் நடக்கவில்லை என்று நினைத்து வரவில்லை. ஓடிப்போய் 18:00க்கு நின்றேன். தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

அதிலிருந்து காத்திருப்பைச் சொல்லும் 待ち, விண்ணப்பம் இன்னும் நிலுவையில் என்று சொல்லும் 申請中, இந்த இரண்டில் எது கண்ணில் பட்டாலும் எதுவும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 承認 மட்டும் இருந்தால் ஒப்புதல் கிடைத்துவிட்டது, 却下 என்றால் மறுத்துவிட்டார்கள். ஆனால் நான் நம்புவது அறிவிப்பை அல்ல, 確定シフト (ககுதெய் ஷிப்ட்) பக்கத்தை. அந்த நாள் கட்டத்தில் என் பெயர் போய் அக்கா பெயர் வந்திருந்தால்தான் மாறியது. முந்தைய நாள் வரை மாறாவிட்டால் மேலாளரிடம் நேரில் 交代の承認をお願いします என்று கேட்டுவிடுகிறேன். பேசாமல் வராமல் இருந்தால் அது 無断欠勤, சொல்லாமல் எடுத்த விடுப்பு. இங்கே அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திரை காட்டாத ஒன்றும் இருக்கிறது. மாணவர் விசாவில் 資格外活動許可 என்ற பகுதிநேர வேலை அனுமதி வாங்கி வேலை செய்பவருக்கு வாரம் 28 மணி நேரம்தான். அந்த வாரம் எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் 28ஐத் தாண்டக் கூடாது. கல்லூரியின் நீண்ட விடுமுறையில் மட்டும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை செய்யலாம். எங்கள் செயலி திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கூட்டிக் காட்டும்.

என் மாற்றம் திட்டமிட்டபடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். என் வழக்கம் திங்கள் 4, புதன் 5, வெள்ளி 5, சனி 6, ஞாயிறு 6, ஆக 26. முதல் வாரம் வெள்ளியை அக்காவுக்குக் கொடுத்தால் 21. இரண்டாம் வாரம் செவ்வாய் 5 கூடும், ஆனால் சனியும் ஞாயிறும் ஏற்கெனவே 希望休 வாங்கியிருந்தேன், அதனால் 19. செயலியில் இரண்டு வாரமும் நல்ல பிள்ளை. ஆனால் முதல் வாரச் சனியிலிருந்து அடுத்த வெள்ளி வரை கூட்டுங்கள்: 6, 6, 4, 5, 5, 5. மொத்தம் 31.

இன்னொரு கடையிலும் வேலை செய்பவராக இருந்தால் அந்த நேரமும் இதே 28க்குள்தான் அடங்க வேண்டும். முதல் கடையின் செயலிக்கு இரண்டாவது கடை இருப்பதே தெரியாது. அதனால் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் முன், புது ஷிப்டைத் தொடுகிற ஒவ்வொரு ஏழு நாளையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் 引き受ける அழுத்துகிறேன்.