தொப்புள்கொடிக் குருதியைச் சேமிப்பது யாருக்குப் பயன்படும்? – கேள்வி பதில்

பதில்கள்: கொழும்பில் குருதி நோய்ப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற வைத்தியர்

வெள்ளவத்தை, முதல் பிரசவத்தை எதிர்பார்க்கும் தாய்: டொக்டர், பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து வைத்தால் பிற்காலத்தில் அதற்கு வரக்கூடிய எண்பது நோய்களுக்கு மருந்தாகும் என்று ஒருவர் கையேடு தந்தார். உண்மையா?

நோய்களின் பட்டியலில் பெரிய பிழை இருக்காது. குருதிப்புற்று, தலசீமியா, என்பு மச்சை செயலிழத்தல், பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு, ஹேர்லர் போன்ற சில பரம்பரை நோய்கள் ஆகியவற்றுக்கு இக்குருதியிலுள்ள, புதிய குருதிக் கலங்களை உருவாக்கும் தண்டுக்கலங்களைக் கொண்டு சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் யாருடைய குருதி யாருக்கு ஏற்றப்படுகிறது என்பதைக் கையேடுகள் தெளிவாகச் சொல்வதில்லை. 1988இல் பாரிஸில் நடந்த முதலாவது சிகிச்சையிலேயே, பன்கோனி சோகை என்ற பரம்பரை நோயுள்ள சிறுவனுக்கு ஏற்றப்பட்டது, அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் கொடிக் குருதிதான். அவனுடையதைச் சேமித்து வைத்திருந்தாலும் பயன் இருந்திராது, ஏனெனில் நோயை உண்டாக்கும் மரபணுப் பிழை அதிலும் இருந்திருக்கும். தலசீமியாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். சிறுவயதில் வரும் குருதிப்புற்றுகளில் சிலவற்றின் தொடக்க மாற்றம் பிறக்கும்போதே குருதியில் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அதனால் அங்கும் பிள்ளையின் சொந்தக் குருதியை வைத்தியர்கள் விரும்புவதில்லை. உங்கள் குடும்பத்தில் இத்தகைய நோய் எவருக்கும் இல்லையென்றால், இந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கொட்டாஞ்சேனை, ஒரு தந்தை: ஆறு வயது மகளுக்குத் தலசீமியா. மாதாமாதம் ராகமையில் இரத்தம் ஏற்றுகிறோம். மனைவி இப்போது ஐந்து மாதம். நாங்கள் சேமிக்க வேண்டுமா?

ஆம், நீங்கள் சேமிக்க வேண்டும். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்நோய் இல்லாதிருக்க நாலில் மூன்று பங்கு வாய்ப்பும், அதன் திசு வகை அக்காவுடன் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து அமைவதற்குப் பதினாறில் மூன்று பங்குதான். உங்களைப் போல நோயின் கூறை மட்டும் காவுகின்ற பிள்ளையாக இருந்தாலும் கொடையாளியாகலாம்.

மகளுக்கும் உங்கள் இருவருக்கும் திசு வகையை அறியும் எச்.எல்.ஏ. பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். மகப்பேற்று நிபுணரையும் மகளின் குருதி நோய் நிபுணரையும் ஒருவரோடொருவர் பேச வைத்து, குருதிப் பை, ஒப்புதல் கடிதம், கொண்டுசெல்லும் ஏற்பாடு எல்லாவற்றையும் எட்டாம் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். வலி தொடங்கிய பிறகு இவற்றைத் தேடி ஓட முடியாது. பிள்ளை பிறந்து கொடி வெட்டப்பட்டதும், நச்சுக்கொடியின் பக்கமுள்ள துண்டைக் கிருமிநீக்கியால் துடைத்து, அதன் நாளத்தில் ஊசியைச் செலுத்தி, உறையாமல் தடுக்கும் திரவம் உள்ள பையைத் தாழ்வாகப் பிடிப்பார்கள். சில நிமிடங்களில் கொடி வெளுத்துச் சுருங்கிவிடும். அதற்கு மேல் குருதி வராது. தாய்க்கோ பிள்ளைக்கோ இதில் வலியில்லை. பை ஏறத்தாழ 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் பதப்படுத்தப்பட்டு, பின்னர் மறை 196 பாகையிலுள்ள திரவ நைதரசனில் வைக்கப்படும்.

எவ்வளவு குருதி என்பதை விட எத்தனை கலங்கள் என்பதே முக்கியம். பதப்படுத்திய பின் 800 மில்லியன் கருவுள்ள கலங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். மகளின் எடை 16 கிலோ என்றால், கிலோவுக்கு 50 மில்லியன் வருகிறது. கிலோவுக்கு 30 மில்லியனுக்குக் குறையக் கூடாது என்று பொதுவாகப் பார்ப்பதால், இது போதும். ஆனால் 400 மில்லியன்தான் கிடைத்தால் கிலோவுக்கு 25 மில்லியனே வரும். அதை மட்டும் நம்பி ஏற்றத் தயங்குவார்கள். அப்போதும் வழி அடைபட்டுவிடாது. தம்பியோ தங்கையோ சற்று வளர்ந்த பிறகு, அப்பிள்ளையின் என்பு மச்சையையும் சிறிது எடுத்து, இரண்டையும் சேர்த்து ஏற்றலாம்.

கொடிக் குருதி ஏற்றிய பின் புதிய கலங்கள் தலைகாட்ட என்பு மச்சையை விட அதிக நாள் எடுக்கும்; பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம். அந்த இடைவெளியில் தொற்று ஏற்படுவதே பெரிய ஆபத்து. மறுபக்கம், ஏற்றிய கலங்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது இதில் குறைவு. உடன்பிறந்தோரின் கொடிக் குருதி பெற்ற தலசீமியாப் பிள்ளைகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்விலும் அது காணப்பட்டது.

தெஹிவளை, தாதி: கொடியை உடனே வெட்டினால்தான் இரத்தம் நிறையக் கிடைக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் சேமிக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும், அல்லவா?

முதல் பாதி சரி. பொறுத்தால் அளவு குறையும். ஆனால் ஒரு நிமிடம் கழித்து எடுத்தும் போதிய கலங்கள் கிடைப்பதுண்டு. ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதற்குக் காரணம், அந்தக் குருதி பிள்ளைக்குச் சேர்ந்தால் பிந்திய மாதங்களில் இரும்புச்சத்துக் குறைவு தணியும் என்பதே. நோயாளி இல்லாத வீட்டில் ஒரு பைக்காக அதைப் பறிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கொட்டாஞ்சேனைக் குடும்பத்தைப் போன்றவர்கள், எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை வைத்தியர்களுடன் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்கட்டும்.

மட்டக்குளி, ஒரு மகன்: அப்பாவுக்கு 64 வயது. நீரிழிவும் முழங்கால் தேய்வும் உண்டு. வருகிற மாதம் பேரப்பிள்ளை பிறக்கும். அந்த இரத்தத்தை அவருக்கு ஏற்றலாமா?

வேண்டாம். கொடிக் குருதியிலுள்ள தண்டுக்கலங்கள் குருதியை உருவாக்குபவை. முழங்கால் குருத்தெலும்பை உருவாக்குபவை அல்ல. நீரிழிவைக் குணப்படுத்தும் என்பதற்கும் ஆதாரமில்லை.

பம்பலப்பிட்டி, ஒரு தாய்: என் மகனுக்கு மூளை வாதம். அமெரிக்காவில் கொடி இரத்தத்தால் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதாக வாசித்தேன். அவனுடையதை நாங்கள் சேமிக்கவில்லை. பெரிய தவறு செய்துவிட்டோமா?

இல்லை அம்மா. டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளின் சொந்தக் கொடிக் குருதியை ஏற்றிய குழுவுக்கும் ஏற்றாத குழுவுக்கும் ஓராண்டின் பின் மொத்தத்தில் தெளிவான வேறுபாடு இருக்கவில்லை. அதிக கலங்கள் பெற்றவர்களிடம் மட்டும் அசைவுத்திறன் ஓரளவு கூடியிருந்தது. ஆய்வுகள் தொடர்கின்றன, சில முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் பயிற்சிச் சிகிச்சைக்குப் பதிலாக நிற்கக்கூடிய எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை. மகனின் இயன்மருத்துவத்தை இடைவிடாமல் தொடருங்கள்.

கொள்ளுப்பிட்டி, ஒரு தந்தை: இரண்டு வருடத்துக்கு முன் பணம் கட்டிச் சேமித்துவிட்டோம். வருடக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுவதா, நிறுத்துவதா?

முதலில் எழுத்து மூலமான அறிக்கையைக் கேளுங்கள். பதப்படுத்திய பின் மொத்தக் கருவுள்ள கலங்கள் எத்தனை, கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும்.

இடையில் எழுதிய ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: டொக்டர், மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. உயிருள்ள கலங்கள் எத்தனை வீதம், தண்டுக்கலங்களைக் காட்டும் சிடி34 அடையாளமுள்ள கலங்கள் எத்தனை என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை நிறைய இருந்தும் பாதி இறந்துபோன பைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மிகச் சரியான திருத்தம். பையோடு ஒட்டியுள்ள சிறு குழாய்த் துண்டை உருக்கிப் பார்த்தால் உயிர்ப்பை அறியலாம். அத்தகைய துண்டு உள்ளதா என்பதையும் கேளுங்கள். அறிக்கையில் மில்லிலீற்றர் மட்டும் எழுதப்பட்டு, கலங்களின் கணக்கு இல்லையென்றால், அந்தப் பையை எந்த வைத்தியரும் எளிதில் ஏற்கமாட்டார். கணக்கு நன்றாக இருந்து, உங்கள் மற்றப் பிள்ளைகளில் எவருக்காவது குருதி நோய் இருந்தால் தொடர்ந்து கட்டுங்கள். அவ்வாறு எவரும் இல்லையெனில், ஒப்பந்தத்தில் நிறுத்தும் நிபந்தனையை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.