நூறு அறிவிப்புகளைத் திருத்தும்போது தேதியும் தொகையும் மாறாமல் இருக்க

"தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜூன் தொடக்கத்தில் ஆசிரியர்கள் எழுதித் தரும் நூறுக்கும் மேற்பட்ட வாட்ஸ்அப் அறிவிப்புகளை இரண்டே நாளில் திருத்தி பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். போன வருடம் அப்படித் திருத்தியதில் ஒரு கட்டணத் தேதி மாறிப்போய், பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மொழியைச் சரிசெய்யும்போது தேதி, தொகை, விவரம் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று எப்படி உறுதி செய்வது?"

முதலில் ஒரு பழக்கத்தை விடுங்கள். ஆசிரியர் எழுதியதன் மேலேயே திருத்தாதீர்கள். மூலம் அழிந்துவிட்டால் அப்புறம் ஒப்பிட ஒன்றும் இருக்காது. கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து A பத்தியில் அறிவிப்பு எண், Bயில் ஆசிரியர் எழுதியது எழுதியபடியே, Cயில் நீங்கள் திருத்தியது என்று வையுங்கள். B பத்தியை மற்றவர்கள் தொட முடியாதபடி பூட்டிவிடுங்கள். எழுத்துப்பிழையாக இருந்தாலும் அதில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, எண்களை இயந்திரத்திடம் விடுவது. D2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=TRIM(REGEXREPLACE(SUBSTITUTE(B2,",",""),"[^0-9]+"," "))
```

இது அறிவிப்பில் உள்ள எண்களை மட்டும், வந்த வரிசையிலேயே எடுத்து வைக்கும். 12,500 என்று எழுதினாலும் 12500 என்று எழுதினாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இதையே B2 இருக்கும் இடத்தில் C2 என்று மாற்றி E2வில் போடுங்கள். F2வில் இது:

```
=IF(D2=E2,"சரி","பார்க்கவும்")
```

மூன்றையும் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டால், எந்த அறிவிப்பில் எண் கூடியது, குறைந்தது, மாறியது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எண்களைச் சிறியது பெரியது என்று அடுக்கிவிட்டு ஒப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கட்டணம் 500, அபராதம் 50 என்பது கட்டணம் 50, அபராதம் 500 என்று இடம் மாறிவிட்டால், அடுக்கிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரியும். வந்த வரிசையில் ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். நீங்கள் வாக்கியத்தை முன்பின்னாக மாற்றியதால் வீணாகச் சில "பார்க்கவும்" வரத்தான் செய்யும். அவற்றை ஒரு தடவை பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை.

இந்தச் சோதனை ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. திருத்தும்போது எண்ணை எழுத்தாக்கக் கூடாது. "2 நகல்" என்பதை "இரண்டு நகல்கள்" என்று அழகுபடுத்தினால் அந்த எண் சோதனைக்குத் தெரியாமல் போய், வீணாகப் "பார்க்கவும்" வரும். பள்ளி அறிவிப்பில் எண் எண்ணாகவே இருந்தால்தான் பெற்றோர் கண்ணிலும் சட்டென்று படும்.

சரி, எல்லா வரிசையிலும் "சரி" என்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அனுப்பிவிடலாமா? ஓர் அறிவிப்பை எடுத்துப் பார்ப்போம். ஆசிரியர் எழுதியது இது:

"பெற்றோர் அனைவருக்கும் தெரிவிப்பது 6 முதல் 8 வகுப்பு வரை முதல் பருவ கட்டணம் ரூ 12500 வரும் 12.6.2025 வியாழன் அன்று அல்லது அதற்கு முன்பாக கட்டவும் தவறினால் அபராதம் 200 கட்டணம் வாங்கும் நேரம் 10 முதல் 3 ஆதார் நகல், பழைய ரசீது கொண்டு வரவும்"

திருத்தியது:

"அன்புள்ள பெற்றோருக்கு, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் முதல் பருவக் கட்டணம் ரூ.12,500ஐ 12.6.2025 வியாழக்கிழமைக்கு முன் செலுத்தவும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.200 அபராதம் விதிக்கப்படும். அலுவலக நேரம்: காலை 10 முதல் மாலை 3 வரை. ஆதார் நகல் அல்லது பழைய ரசீதுடன் வரவும்."

படிக்க எவ்வளவோ தெளிவாக இருக்கிறது. எண்களும் இரண்டிலும் ஒன்றுதான்: 6 8 12500 12 6 2025 200 10 3. F பத்தி "சரி" என்றுதான் சொல்லும். ஆனால் பெற்றோருக்குப் போய்ச் சேரும் செய்தி வேறாகிவிட்டது.

மூலத்தில் 12ஆம் தேதி அன்றும் கட்டலாம். திருத்தியதில் 11ஆம் தேதியோடு முடிந்துபோனது. "அன்று அல்லது" என்ற இரண்டு சொல் நீளமாகத் தெரிந்ததால் வெட்டப்பட்டது. அபராதம் 200 என்று மட்டும் இருந்தது. "நாளொன்றுக்கு" என்பது எங்கிருந்து வந்தது? வேறு ஏதோ அறிவிப்பில் படித்தது கையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஐந்து நாள் தாமதித்த ஒருவர் 200க்குப் பதில் 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அர்த்தமாகிறது. கட்டணம் வாங்கும் நேரம் அலுவலக நேரமாக மாறிவிட்டது. அலுவலகமே 3 மணிக்கு மூடிவிடும் என்று ஒருவர் நினைப்பார். ஆதார் நகல், பழைய ரசீது என்பது இரண்டும் வேண்டும் என்றிருக்கலாம். இப்போது ஏதாவது ஒன்று போதும் என்றாகிவிட்டது.

"அல்லது" என்ற சொல்லையும் சூத்திரம் போட்டுத் தேடலாமே என்று தோன்றும். இந்த அறிவிப்பிலேயே அது பலிக்காது. மூலத்திலும் ஓர் "அல்லது" உண்டு, திருத்தியதிலும் ஓர் "அல்லது" உண்டு. தேதியிலிருந்து கழன்று ஆவணத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். இங்கே மனிதக் கண்தான் வேண்டும்.

எண்ணைச் சுற்றி நிற்கும் சின்னச் சொற்கள்தான் தகவலைத் தாங்குகின்றன. முன், பின், வரை, முதல், -க்குள், மட்டும், தவிர, உட்பட, குறைந்தது, தலா, நாளொன்றுக்கு, அல்லது, -உம். தமிழில் இவற்றில் சில விகுதியாகச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் கண் வழுக்கிப் போய்விடும். "தாயும் தந்தையும் வரவும்", "தாய் தந்தை வரவும்", "தாயோ தந்தையோ வரவும்" மூன்றும் மூன்று வேறு உத்தரவு.

ஆகவே ஒவ்வொரு அறிவிப்பையும் இரண்டு திசையில் பாருங்கள். முதலில் திருத்தியதை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் மூலத்தில் விரல் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது நீங்கள் சேர்த்தது. அப்புறம் மூலத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விவரமும் திருத்தியதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது தொலைந்தது. ஒரே திசையில் இரண்டு தடவை படித்தால் இது நடக்காது, ஏனென்றால் சரளமாக இருப்பதைப் படிக்கும்போது மனம் தலையாட்டிக்கொண்டே போய்விடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் மூலத்தை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் திருத்தியதைப் பாருங்கள். அச்சகங்களில் மெய்ப்பு பார்த்தது இப்படித்தான். காதில் "அன்று அல்லது அதற்கு முன்பாக" என்று விழும்போது கண்ணில் "முன்" மட்டும் தெரிந்தால் உடனே உறைக்கும்.

மூலமே தெளிவில்லாமல் இருந்தால் என்ன செய்வது? மேலே உள்ள அறிவிப்பில் 10 முதல் 3 என்பது காலை முதல் மாலை வரை என்று யாருக்கும் தெரியும். பள்ளியில் ஒரே தடவை முடிவெடுத்து, "நேரத்துக்குக் காலை, மாலை சேர்க்கலாம், தொகைக்கு ரூ. சேர்க்கலாம், மரியாதை விளி சேர்க்கலாம்" என்று தாளின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாததை உங்கள் ஊகத்தில் சேர்க்காதீர்கள். G பத்திக்குக் "கேள்வி" என்று பெயர் வைத்து, "ஆதார் நகல், ரசீது: இரண்டுமா, ஏதாவது ஒன்றா?" என்று எழுதுங்கள். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றாலும் அப்படியே. ஆசிரியர் "12.6.2025 வெள்ளி" என்று எழுதியிருந்தால், நாட்காட்டியைப் பார்த்து வியாழன் என்று நீங்களே மாற்றிவிடாதீர்கள். தவறியது கிழமையா தேதியா என்பது அவருக்குத்தான் தெரியும். "நாளை" என்ற சொல்லும் கேள்விக்கு உரியதுதான். எழுதிய நாளிலிருந்தா, அனுப்பும் நாளிலிருந்தா?

ஆசிரியர் இரண்டும் வேண்டும் என்றும், அபராதம் ஒரே தடவைதான் என்றும் சொன்னார் என்று வைத்துக்கொண்டால், அந்த அறிவிப்பு இப்படி முடியும்:

"அன்புள்ள பெற்றோருக்கு, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை முதல் பருவக் கட்டணம் ரூ.12,500. இதை 12.6.2025 வியாழக்கிழமை அன்றோ அதற்கு முன்போ கட்டவும். தவறினால் அபராதம் ரூ.200 (ஒரு தடவை மட்டும்). கட்டணம் வாங்கும் நேரம் காலை 10 முதல் மாலை 3 வரை. ஆதார் நகல், பழைய ரசீது இரண்டும் கொண்டு வரவும்."

மொத்தமாகத் திருத்துவதற்கே உரிய இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாவற்றிலும் ஒரே தடவையில் சொல்லை மாற்றுவது. நான் ஒருமுறை "ரூ" என்பதை "ரூபாய்" என்று மொத்தமாக மாற்றினேன். ஏற்கெனவே "ரூபாய்" என்று இருந்த இடமெல்லாம் "ரூபாய்பாய்" ஆனது. "கரூர்" என்ற ஊர் "கரூபாய்ர்" ஆனது. எண்கள் எதுவும் மாறாததால் எண் சோதனையில் இது தெரியவே தெரியாது. "மணி"யை மாற்றப் போனால் மணிகண்டன் பெயரும் மாறும். மொத்தமாக மாற்ற வேண்டாம். தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று, பக்கத்து அறிவிப்பு கசிவது. ஆறாம் வகுப்பு அறிவிப்பை நகலெடுத்து ஏழாம் வகுப்புக்கு மாற்றும்போது தேதி மாறும், ஆசிரியர் பெயரோ அறை பெயரோ பழையபடியே நின்றுவிடும். ஒரே மாதிரி அறிவிப்புகளைச் சேர்த்துத் திருத்தினால் நடை ஒன்றாக வரும் என்பது உண்மைதான், ஆனால் கசிவதும் அங்கேதான் அதிகம். அதனால் Cயில் எழுதும்போது எப்போதும் அதே வரிசையின் Bயிலிருந்து தொடங்குங்கள், மேல் வரிசையின் Cயிலிருந்து அல்ல. இருபது அறிவிப்பு முடிந்ததும் நிறுத்தி அந்த இருபதையும் சரிபார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நூறையும் திருத்தி முடித்துவிட்டு மொத்தமாகப் பார்க்க உட்கார்ந்தால் அறுபதுக்கு மேல் கண் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

ஷீட்டில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவதும் கூடாது. Cயில் உள்ளது ஒரு வரிசை இறங்கினாலும் ஏழாம் வகுப்பு அறிவிப்பு எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். F பத்தியில் திடீரென்று வரிசையாகப் பல "பார்க்கவும்" வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்விக்குப் பதில் வந்து C மாறினால், அந்த அறிவிப்பை மறுபடியும் இரண்டு திசையிலும் பாருங்கள். அவசரத்தில் கடைசியாகச் செய்யும் திருத்தத்தைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை. G பத்தியில் பதில் வராத கேள்வி இருக்கும்வரை அந்த அறிவிப்பு போகக் கூடாது. மற்றவற்றை அனுப்பிவிட்டு அதை மட்டும் நிறுத்தி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதும் Cயிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், பார்த்துத் தட்டாதீர்கள். முதலில் அதை எழுதிய ஆசிரியருக்கே அனுப்பி, "இதுதானே?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்றதும் வகுப்புக் குழுவில் போடுங்கள்.