நீண்ட அரட்டை உலாவியில் ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகக் குழு அரட்டை மூன்று ஆண்டுகளாக ஒரே தொடராக ஓடுகிறது. கணினியில் உலாவி வழியாகத் திறந்தால் வெகுநேரம் எடுக்கிறது, மேலே உருட்டினால் திணறுகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. எழுத்துச் செய்திகள் அளவில் மிகச் சிறியவை. சில ஆயிரம் செய்திகளின் எழுத்தை எல்லாம் கூட்டினாலும், கைபேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தின் அளவை அது தாண்டுவது அரிது. உங்கள் நேரம் செலவாவது அவை வந்து சேர்ந்த பிறகு, அவற்றைத் திரையில் காட்ட உங்கள் கணினி படும் பாட்டில்தான்.

நான் காட்பாடியில் இணையப் பக்கங்கள் உருவாக்கும் தொழிலில் இருக்கிறேன். ஆம்பூரில் காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் ஓர் அலுவலகத்தில் இதே சிக்கலை அருகிலிருந்து பார்த்தேன். தோல் அனுப்பும் ராணிப்பேட்டை ஆலையும், தைக்கும் இவர்களும், ஏற்றுமதி முகவரும் ஒரே குழுவில் பேசிக்கொள்கிறார்கள். நிறம் ஒத்துப்போகிறதா என்று காட்டும் மாதிரித் துண்டுகளின் படங்கள் நாள்தோறும் அதில் வந்து விழுகின்றன. பழைய ஆர்டர் ஒன்றின் ஷேடு எது என்று தேடி மேலே உருட்டிக்கொண்டே போனால், சிறிது நேரத்தில் திரை உறைந்துவிடும்.

காரணம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. நாம் ஒரு செய்தியாகப் பார்ப்பது உலாவிக்கு ஒரு பொருள் அல்ல. அனுப்பியவரின் படம், பெயர், நேரம், படித்ததற்கான குறி, மறுமொழிப் பொத்தான், எதிர்வினைச் சின்னங்கள், இவற்றை அடக்கி நிற்கும் பெட்டிகள் என ஒவ்வொரு செய்திக்கும் முப்பது உறுப்புகள் வரை இருப்பது சாதாரணம். அப்படியானால் 4,000 செய்திகளுக்கு 1,20,000 உறுப்புகள் ஆகின்றன. குரோம் உலாவியுடன் வரும் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 800 உறுப்புகளைத் தாண்டினாலே எச்சரித்து, 1,400-ஐத் தாண்டினால் மிகை என்று குறித்து வந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் எத்தனை உள்ளன என்று அறிய F12 அழுத்தி, Console என்ற பகுதியில் இந்த வரியை நீங்களே தட்டச்சு செய்யலாம் (பிறர் அனுப்பும் புரியாத வரிகளை மட்டும் அங்கே ஒருபோதும் ஒட்டாதீர்கள்).

```
document.querySelectorAll('*').length
```

அரட்டையைத் திறந்தவுடன் ஒருமுறையும், பல மாதங்கள் பின்னோக்கி உருட்டிய பிறகு ஒருமுறையும் இதைப் பாருங்கள். ஆம்பூர் அலுவலகத்தில் முதலில் சில ஆயிரமாக இருந்த எண், பின்னோக்கிப் போகப் போக லட்சத்தைத் தாண்டியது. மீண்டும் கீழே இறங்கி வந்த பிறகும் அது குறையவில்லை. அந்தத் தளம் ஒருமுறை காட்டிய எதையும் விட்டுவிடாமல் பக்கத்திலேயே குவித்து வைக்கிறது என்பது அப்போது உறுதியாயிற்று. திறக்கும்போதே எண் மிகப் பெரிதாக இருந்தால், அந்தத் தளம் முழு வரலாற்றையும் ஒரேயடியாகக் கட்டி எழுப்புகிறது என்று பொருள். உங்கள் முதல் தாமதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

உறுப்புகள் குவிந்திருப்பது மட்டுமே தீங்கு அல்ல. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் சாதாரணத் திரையில், ஒவ்வொரு புதிய காட்சியையும் தயாரிக்க உலாவிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் கிடைக்கிறது. அதற்குள் எந்த உறுப்புக்கு எந்தத் தோற்றம் என்று தீர்மானித்து, எது எங்கே எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, பிறகு வரைய வேண்டும். உயரம் முன்கூட்டியே குறிக்கப்படாத ஒரு படம் நடுவில் வந்து விரிந்தால், பந்தியின் நடுவே ஒருவருக்கு இடம்விட வரிசை முழுவதும் நகர்வதுபோல, அதற்குக் கீழுள்ள அத்தனை செய்திகளின் இடமும் மறுபடி கணக்கிடப்படுகிறது. இதைவிடக் கொடியது, நீங்கள் உருட்டும் ஒவ்வொரு கணமும் தளத்தின் நிரல் செய்திகளின் உயரத்தை அளந்து, எதையாவது மாற்றி, மீண்டும் அளப்பது. ஒவ்வொரு அளவீடும் முழுக் கணக்கையும் அங்கேயே முடிக்கும்படி உலாவியைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது சற்றுப் பிந்தித் திரையில் வருகிறது என்றால், தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் செய்திப் பட்டியல் முழுவதும் மறுபரிசீலனைக்கு உள்ளாகிறதோ என்று நான் ஐயப்படுவேன்.

படங்களின் சுமை தனி. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட புகைப்படம் கோப்பாக இரண்டு, மூன்று எம்பி இருக்கலாம். ஆனால் அதை முழு அளவில் விரித்தால் ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி நினைவகம் வேண்டும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் இப்படிப் பல படங்கள் சேர்ந்தால், நினைவகம் போதாமல் இயங்குதளம் அதைவிட மெதுவான வன்வட்டை நாடத் தொடங்கிவிடும். குரோமில் Shift+Esc அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று தெரியும். எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், மடிக்கணினி சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. காலையில் ஓடிய அரட்டை பிற்பகலில் மட்டும் திணறினால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பயனராக நீங்கள் செய்யக்கூடியவற்றில் உடனே பலன் தருவது, பக்கத்தைப் புதிதாக ஏற்றுவது. பின்னோக்கி உருட்டியதில் சேர்ந்த குவியல் அப்போது முழுதாகக் கலைந்துவிடும். அடுத்தது, பழையதை உருட்டித் தேடும் வழக்கத்தை விடுவது. தளத்தின் தேடல் பெட்டியோ, தேதிக்குத் தாவும் வசதியோ இருந்தால், தேவையான இடத்தைச் சுற்றியுள்ள சில செய்திகள் மட்டும் ஏற்றப்படும். உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் எழுத்துப்பிழை திருத்தும் நீட்சிகள் பக்கத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்காணிப்பவை என்பதால், நீட்சிகள் இயங்காத மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்து, வேகம் கூடினால் அவற்றில் ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதியுங்கள். முழு வரலாற்றையும் திறக்கும்போதே ஏற்றும் தளமாக இருந்தால் இவை எதுவும் போதாது. தொடரைப் பிரிப்பதே வழி. ஆம்பூர்க்காரர்கள் ஒவ்வொரு ஆர்டர் பருவத்துக்கும் புதிய குழு தொடங்கி, ஒப்புதலான ஷேடுகளின் படங்களைத் தனிக் கோப்புறையில் வைக்கிறார்கள். பழைய குழுவில் எதையேனும் தேட வேண்டுமானால் எந்தப் பருவம் என்று நினைவு வைத்திருக்க வேண்டும் என்ற சிறு தொல்லை மட்டும் அதில் இருக்கிறது.

அந்த அரட்டைத் தளம் உங்கள் அலுவலகமே உருவாக்கியதாக இருந்தால், எழுதியவரிடம் இந்த இரண்டு வரிகளைக் காட்டுங்கள்.

```css
.message {
  content-visibility: auto;
  contain-intrinsic-size: auto 90px;
}
```

திரைக்கு வெளியே இருக்கும் செய்திகளின் உட்பகுதியை இடம் கணக்கிடாமலும் வரையாமலும் உலாவி விட்டுவிட முதல் வரி உதவுகிறது. இன்னும் காட்டப்படாத செய்திக்கு உத்தேச உயரம் ஒன்றை இரண்டாவது வரி தருகிறது, அது இல்லாவிட்டால் உருட்டுப்பட்டை துள்ளும். குரோமில் இந்த வசதி 2020 முதல் உள்ளது. பயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் 2024-இல் வந்தது. ஆனால் உறுப்புகள் நினைவகத்தில் அப்படியே இருக்கும் என்பதால், லட்சக்கணக்கில் குவிந்த பக்கத்துக்கு இது பாதி மருந்துதான். திரையில் தெரியும் செய்திகளையும் அவற்றை ஒட்டிய சிலவற்றையும் மட்டும் உருவாக்கி, மற்றவற்றை நீக்கிவிடும் முறைதான் முழுத் தீர்வு. அதற்கும் ஒரு விலை உண்டு. நீக்கப்பட்ட செய்திகள் பக்கத்தில் இல்லாததால் உலாவியின் Ctrl+F அவற்றைக் கண்டுபிடிக்காது. ஆகவே அந்த முறைக்கு மாறும் தளம், வரலாறு முழுவதையும் தேடும் சொந்தத் தேடல் பெட்டியையும் சேர்த்தே தர வேண்டும்.