இரண்டாவது மாரத்தானில் 30 நிமிடம் குறைப்பது எப்படி?

"முதல் மாரத்தானை 4:45-இல் முடித்தேன். அடுத்ததில் 4:15 வர பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்?"

முதலில் உங்கள் பாதித்தூர நேரத்தைப் பாருங்கள். முதல் பாதி 2:08, இரண்டாம் பாதி 2:37 என்றிருந்தால் வேகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 30 கிலோமீட்டருக்குப் பிறகு தாக்குப்பிடிக்கத்தான் முடியவில்லை. அப்படியானால் வேகப் பயிற்சியைவிட வாராந்தரத் தூரம்தான் முக்கியம். வாரம் 40 கிலோமீட்டர் ஓடியவர், சில மாதங்களில் மெல்ல 60-க்குக் கொண்டுபோகலாம். கூடுதல் தூரம் முழுவதும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். பலர் சொதப்புவது இங்கேதான். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

அப்புறம், சில நீண்ட ஓட்டங்களில் மட்டும் கடைசி 8 கிலோமீட்டரை இலக்கு வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 6:03-இல் ஓடுங்கள். பந்தயத்தில் எடுக்கப்போகும் எனர்ஜி ஜெல்லையும் அப்போதே வயிற்றுக்குப் பழக்குங்கள்.

இரண்டு பாதிகளும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கதை வேறு. அப்போது வேகத்தைக் கூட்ட, சற்றுக் கடினமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடும் டெம்போ ஓட்டங்களும் தேவைப்படும்.