பழனி நடையில் சிறுநீர் கறுத்துப் போனால்: கார்னிடின் மாத்திரை உதவுமா?

"மகனுக்கு 19 வயது. ஃபுட்பால் ஆடினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இரண்டு வருஷமாகப் பழனிக்கு நடக்கும்போது, நத்தம் தாண்டுவதற்குள் தொடை கல்லாகி, சிறுநீர் பால் விடாத காப்பி மாதிரி போகிறது. விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. கார்னிடின் மாத்திரை சாப்பிட்டால் கொழுப்பு நன்றாக எரிந்து தெம்பு வரும் என்கிறார் ஜிம் மாஸ்டர். கொடுக்கலாமா டாக்டர்?" — ஒரு தாயார், காரைக்குடி

ஆச்சி, மாத்திரை வாங்க வேண்டாம். எனக்குக் கவலை அந்தச் சிறுநீரின் நிறம். தொடை வலியோடு அந்த நிறம் வந்தால், தசை நார்கள் உடைந்து அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் சிறுநீரில் இறங்குகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அது சிறுநீரகத்தையே நிறுத்திவிடக் கூடியது. இரண்டு முறை தப்பித்திருக்கிறார், மூன்றாவது முறைக்குக் காத்திருக்கக் கூடாது.

ஃபுட்பாலில் வராதது நடையில் ஏன் வருகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. வேகமாக ஓடும்போது தசை பெரும்பாலும் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனை, அதாவது சர்க்கரைச் சேமிப்பை எரிக்கிறது. மெதுவாக மணிக்கணக்கில் நடக்கும்போது அப்படி இல்லை. குன்றக்குடியில் கிளம்பி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று ஒரு வேளைச் சாப்பாட்டோடு தை மாதப் பனியில் நடக்கிற உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு கரைந்துவிடும், அப்புறம் தசைக்குக் கொழுப்புதான் சோறு. உங்கள் மகனுக்கு அந்தச் சோறு அடுப்புக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

அடுப்பு என்பது மைட்டோகாண்ட்ரியா. அதற்கு இரண்டு சுவர்கள், நம் வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் போக இன்னொரு நிலைக்கதவு இருக்கிற மாதிரி. நல்லெண்ணெயிலும் கறியிலும் நம் உடம்பின் கொழுப்பிலும் அதிகம் இருப்பது 16, 18 கரிம அணுக்கள் கொண்ட நீளமான கொழுப்பு அமிலங்கள். இவை வெளிச்சுவரிலேயே கோஎன்சைம்-ஏ என்ற பிடியோடு ஒட்டப்படும், எரிவதற்கு அந்தப் பிடி வேண்டும். ஆனால் அந்தப் பிடியோடு உள்சுவரைத் தாண்ட முடியாது. அதனால் வெளிச்சுவரில் இருக்கும் சிபிடி-1 என்ற நொதி பிடியைக் கழற்றிவிட்டுக் கொழுப்பைக் கார்னிடின் மேல் ஏற்றுகிறது. உள்சுவரில் ஒரு கடத்தி இருக்கிறது, சுமையோடு ஒரு கார்னிடின் உள்ளே போனால் வெறும் கார்னிடின் ஒன்று வெளியே வரும், ஒன்றுக்கு ஒன்று. உள்ளே சிபிடி-2 என்ற நொதி சுமையை இறக்கி, அங்கிருக்கும் கோஎன்சைம்-ஏ மேல் திரும்ப ஒட்டுகிறது. அதற்குப் பிறகுதான் கொழுப்பு இரண்டிரண்டு கரிமமாக வெட்டுப்பட்டு எரியும். கார்னிடின் எரிவதே இல்லை, சுமை இறக்கிய வண்டியாகத் திரும்பி வந்து அடுத்த சுமையை ஏற்றும்.

இளைஞர்களிடம் இப்படி நடையிலும் விரதத்திலும் வெளிப்படும் கோளாறில் அதிகம் பார்ப்பது அந்தக் கடைசி ஆளான சிபிடி-2 குறைவுதான். தசையில் இந்த நொதி குறைந்திருப்பதையும் சிறுநீர் கறுப்பதையும் 1973-லேயே சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நொதி முழுக்க இல்லாமல் போவதில்லை, கொஞ்சம் இருக்கும், அதனால் சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. பட்டினி, நீண்ட நடை, குளிர், காய்ச்சல், இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் தசை தாங்காது. பாதயாத்திரையில் முதல் மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஓட ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே தசை பிடித்துக்கொள்ளும் இன்னொரு வகை உண்டு, அது கிளைகோஜன் கோளாறு. உங்கள் மகனின் கதை அதற்கு நேர் எதிர்.

இப்போது ஜிம் மாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். வண்டி பற்றாத இடத்தில் வண்டி வாங்கலாம். இறக்க ஆள் இல்லாத இடத்தில் இன்னும் பத்து வண்டி நிறுத்தினால் என்ன ஆகும்? சுமையோடு நிற்கிற கார்னிடின்தான் பெருகும். நல்ல உடம்புக்கும் பெரிதாகப் பயனில்லை, ஏனென்றால் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் இதைச் செய்துகொள்கின்றன, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பஞ்சம் வருவதில்லை. மாத்திரையாக விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஏறுவதில்லை. கார்னிடின் உயிர் காக்கும் நோய் ஒன்று உண்டு: அதைத் தசைக்குள்ளும் சிறுநீரகத்திலும் பிடித்து வைக்கும் கடத்தியே பழுதாகி, ரத்தத்தில் அது மிகக் குறைந்துவிடும் பிறவிக் குறை. அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே இதயம் வீங்கியோ சர்க்கரை இறங்கியோ தெரிந்துவிடும். அது இருந்தால் டாக்டர் எடைக்குத் தக்க அளவில் கொடுப்பார், கடையில் வாங்கும் டப்பா அதற்கு மாற்று இல்லை.

சரி, எப்படி உறுதி செய்வது? அடுத்த முறை சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே சிறுநீரும் ரத்தமும் சோதிக்க வேண்டும். பட்டைச் சோதனையில் ரத்தம் என்று காட்டும், நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்காது, அதுதான் மயோகுளோபின். ரத்தத்தில் சிகே என்ற தசை நொதி சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்கும், இந்த மாதிரித் தாக்குதலில் பல ஆயிரங்களுக்கு ஏறும். நன்றாக இருக்கும் நாட்களில் சிகே சாதாரணமாகவே வரும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். இப்போதே ஒரு நரம்பியல் அல்லது மரபியல் டாக்டரிடம் காட்டி அசைல்கார்னிடின் சோதனை கேளுங்கள். இறக்கப்படாமல் தேங்கிய 16, 18 கரிமச் சுமைகள் அதில் உயர்ந்து தெரியும், கடைசியாக மரபணுச் சோதனை முடிவு சொல்லும்.

அது வரை உங்கள் மகன் வெறும் வயிற்றில் உழைக்கக் கூடாது. நடைக்கு முன்னும் இரண்டு மணிக்கொரு தரமும் இட்லி, கஞ்சி, வெள்ளைப் பணியாரம் என்று மாவுச்சத்து போகட்டும். அது தசைக்கு நேரடி எரிபொருள், தவிர சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி, மலோனைல்-கோஏ என்ற பொருள் சிபிடி-1 கதவையே சாத்திவிடும், தசையும் கொழுப்பைத் தேடாது. தேங்காய் எண்ணெய் சின்னக் கொழுப்பு, அதற்குக் கார்னிடினே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் புகட்டாதீர்கள், அப்படித் தானாக நுழையக் கூடிய 8, 10 கரிமக் கொழுப்பு அதில் சிறு பங்குதான். இந்த வருஷம் பழனிக்குப் பஸ்ஸில் போகட்டும், முருகன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

வலி தொடங்கினால் அந்த இடத்திலேயே நடையை நிறுத்திவிட்டு இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும். கூட வருபவர்கள் வழியில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாத்திரை நீட்டுவார்கள், வாங்கக் கூடாது, அடிபட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். சிறுநீர் நிறம் மாறினால் குளுக்கோஸ் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிழையான பிரதி வந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் சாத்தியம் கூடுதல். உறுதியானால் கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, அவர்களையும் பாருங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்து எழுதினாலோ, அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போடச் சொன்னாலோ, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள்.